அடுத்த கட்டை எது?

டெட்ரிஸ் ஆடியவர்களிடம் பேசினால் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். பலகையின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் அகலத்துக்குக் குழி விட்டு, மற்ற ஒன்பது கட்டங்களையும் ஓட்டையில்லாமல் அடுக்கி வைத்திருப்பார்கள். நான்கு சதுரம் நீளமுள்ள நெட்டைக் கட்டை ஒன்று வந்து அந்தக் குழிக்குள் இறங்கினால் நான்கு வரிசைகள் ஒரே நொடியில் மறையும். ஆனால் நெட்டை வராது. சதுரம் வரும், வளைந்த கட்டை வரும், மறுபடியும் சதுரம் வரும். அடுக்கு உயர்ந்து கூரையைத் தொட்டு ஆட்டம் முடிந்தபிறகு, இந்த இயந்திரம் வேண்டுமென்றே நெட்டையை ஒளித்து வைத்தது என்று சொல்வார்கள்.

இயந்திரம் எதையும் ஒளிக்கவில்லை. ஆனாலும் அவர்கள் குறையில் நியாயம் இருக்கிறது. பழைய பதிப்புகளில் அடுத்த கட்டையைத் தேர்ந்தெடுத்த முறை ஆடுபவருக்குச் சாதகமானதாக இல்லை. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் பத்து வரிகூட வராத ஒரு நிரல்துண்டு. ஆனால் அதை ஏன் செய்தார்கள் என்று புரிய, கட்டை எப்படித் திரும்புகிறது, வரிசை எப்படி அழிகிறது என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பாஜித்னோவ் இந்த ஆட்டத்தை எழுதினார். அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினியின் திரையில் எழுத்துகளை மட்டும்தான் காட்ட முடியும், படம் வரைய முடியாது. அதனால் கட்டைகளை அடைப்புக்குறிகளால் உருவாக்கினார். நான்கு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் கிடைக்கும் வடிவங்கள், இடவலம் மாறிய கண்ணாடி உருவங்களைத் தனியாக எண்ணினால், ஏழு. நெட்டை, சதுரம், டீ, எஸ், இசட், ஜே, எல் என்று ஆங்கில எழுத்துகளின் சாயலில் அவற்றுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறகு பரவலாகி நிலைத்த பலகை 10 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம்.

கட்டையைத் திருப்புவது கேட்க எளிதாகத்தான் இருக்கும். டீ கட்டையை மூன்றுக்கு மூன்று கட்டம் கொண்ட ஒரு சிறு பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஒரு கால்சுற்றுத் திருப்பினால் பெட்டியின் மேல் வரிசை வலது நெடுவரிசையாகும், இடது நெடுவரிசை மேல் வரிசையாகும். நடுக்கட்டம் அசையாது.

```
.#.      .#.
###  ->  .##
...      .#.
```

நிரலில் இதை ஒரே வரியில் எழுதிவிடலாம். `r` வரிசை எண், `c` நெடுவரிசை எண், இரண்டும் 0-இலிருந்து தொடங்குகின்றன:

```
turned[c][2 - r] = old[r][c]
```

நெட்டைக்கு மட்டும் நான்குக்கு நான்கு பெட்டி வேண்டும். அதில் 2 இருக்கும் இடத்தில் 3 வரும். சதுரத்தைத் திருப்பினாலும் அது அதேதான் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

சிக்கல் சுவருக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. மேலே வலப்பக்கம் திரும்பி நிற்கும் டீ கட்டையைப் பாருங்கள். அதன் பெட்டியில் இடது நெடுவரிசை முழுதும் காலி. எனவே கட்டையை இடது சுவரோடு ஒட்டி நகர்த்தும்போது பெட்டியின் அந்தக் காலி நெடுவரிசை பலகைக்கு வெளியே போய்விடும். அதில் தவறில்லை, வெளியே போனது வெற்றிடம்தானே. ஆனால் இப்போது இன்னொரு கால்சுற்றுத் திருப்பினால் நடு வரிசை மூன்று கட்டமும் நிரம்ப வேண்டும். இடது கட்டம் சுவருக்குள் விழும். என்ன செய்வது?

1989-இல் வந்த நின்டெண்டோ பதிப்பு இதற்குச் சொன்ன பதில், திரும்பாது என்பதுதான். பொத்தானை அழுத்துவீர்கள், ஒன்றும் நடக்காது. பொத்தான் பழுதாகிவிட்டதோ என்று ஆடுபவர் நினைப்பார். பிற்காலப் பதிப்புகள் வேறு வழி கண்டன. திருப்பிய கட்டை இருந்த இடத்தில் பொருந்தாவிட்டால், அக்கம்பக்கத்தில் எங்காவது பொருந்துமா என்று வரிசையாகச் சோதிக்கும். சுவர் கட்டையை உதைத்துத் தள்ளுவது போலத் தெரிவதால் இதைச் சுவர் உதை என்கிறார்கள். இன்று பெரும்பாலான அதிகாரபூர்வ பதிப்புகளில் உள்ள சூப்பர் ரொட்டேஷன் சிஸ்டம் என்ற முறை ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஐந்து இடங்களைச் சோதிக்கிறது. நம் டீ கட்டை வலப்பக்கம் பார்த்த நிலையிலிருந்து தலைகீழ் நிலைக்குத் திரும்பும்போது அது பார்க்கும் ஐந்து நகர்வுகள் இவை:

```
(0,0) (1,0) (1,-1) (0,2) (1,2)
```

முதல் எண் வலப்பக்க நகர்வு, இரண்டாவது மேல்நோக்கிய நகர்வு. முதல் சோதனை இருந்த இடத்திலேயே, அது சுவரில் முட்டுகிறது. இரண்டாவது சோதனை ஒரு கட்டம் வலப்பக்கம். அங்கே இடம் இருந்தால் கட்டை அங்கே அமர்ந்துவிடும், மீதி மூன்றைப் பார்க்கவே தேவையில்லை. ஐந்தும் தோற்றால்தான் திருப்பம் மறுக்கப்படும். நெட்டைக் கட்டைக்கு மட்டும் இதுபோலத் தனி அட்டவணை உண்டு.

இந்த ஆட்டத்தைத் தாங்களே எழுதிப் பார்ப்பவர்கள் இந்த அட்டவணையில்தான் அதிகம் வழுக்குவார்கள். அட்டவணையில் மேல்நோக்கிப் போவது கூட்டல். கணினித் திரையிலோ வரிசை எண் கீழே போகப் போகக் கூடும். இரண்டாவது எண்ணின் குறியை மாற்றாமல் அப்படியே எடுத்தால், மேலே ஏற வேண்டிய கட்டை கீழே இறங்கும். இந்தப் பிழை உடனே கண்ணில் படாது. சுவருக்குப் பக்கத்தில் சோதித்தால் எல்லாம் சரியாக நடக்கும், ஏனென்றால் அங்கே `(1,0)` என்ற பக்கவாட்டு நகர்வே போதும். குறுகிய பொந்துக்குள் கட்டையைத் திருப்பும்போது, மூன்றாவது சோதனையிலிருந்து தொடங்கும் நகர்வுகள் தேவைப்படும்போதுதான் கட்டை எதிர்பாராத இடத்துக்குத் தாவும். ஆகவே வெறும் சுவரில் சோதித்துவிட்டு நிறுத்தக் கூடாது. நான்கைந்து வரிசைகளைக் கையால் நிரப்பி, நடுவில் டீ வடிவத்தில் பொந்து விட்டு, அதற்குள் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பலகையில் உள்ள கட்டையை நேரடியாகத் திருப்பிவிட்டுப் பிறகு பொருந்துகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. ஐந்து சோதனையும் தோற்றால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்காது. பிரதி ஒன்றைத் திருப்பி, அது பொருந்தினால் மட்டுமே அசலை மாற்றுவது பாதுகாப்பானது.

அடுத்தது வரிசை அழிப்பு. கட்டை ஓரிடத்தில் படிந்து நின்றதும் நிரல் ஒவ்வொரு வரிசையாகப் பார்க்கும். பத்துக் கட்டமும் நிரம்பிய வரிசை நீக்கப்படும், மேலே இருப்பவை எல்லாம் ஒரு வரிசை கீழிறங்கும். ஒரு கட்டையின் உயரம் அதிகபட்சம் நான்கு என்பதால் ஒரே சமயத்தில் நான்கு வரிசைக்கு மேல் அழிய வாய்ப்பில்லை.

புதிதாக எழுதுபவர் பெரும்பாலும் கீழிருந்து மேலே போவார். 19-ஆம் வரிசை நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நீக்குகிறார், மேலே உள்ளவை இறங்குகின்றன. இதுவரை 18-ஆக இருந்த வரிசை இப்போது 19-ஆகிவிட்டது. நிரலோ 19-ஐ முடித்தாயிற்று என்று 18-க்குப் போய்விடும். இறங்கி வந்த வரிசையும் நிரம்பியதாக இருந்தால் அதை யாரும் பார்க்கவில்லை. அடுத்த கட்டை படியும்வரை முழுதாக நிரம்பிய ஒரு வரிசை பலகையில் அழியாமல் கிடக்கும். ஒற்றை வரிசை ஒழுங்காக அழிந்து, அடுத்தடுத்த இரண்டு அழிய வேண்டிய இடத்தில் ஒன்று தங்கினால் காரணம் இதுதான் என்று உடனே சொல்லிவிடலாம். நீக்குவதைப் பற்றி யோசிக்காமல், எதை வைத்துக்கொள்வது என்று யோசித்தால் இந்தப் பிழைக்கே இடமில்லை:

```
const kept = board.filter(row => row.includes(0));
while (kept.length < 20) kept.unshift(Array(10).fill(0));
board = kept;
```

காலிக் கட்டம் ஒன்றாவது உள்ள வரிசைகளைப் பொறுக்கி எடுத்து, குறைந்த எண்ணிக்கைக்கு மேலே வெற்று வரிசைகளைச் சேர்க்கிறோம். இங்கே 0 என்பது காலிக் கட்டம்.

வரிசை அழிந்தபின் மேலே உள்ள சதுரங்கள் தனித்தனியாகக் கீழே விழுந்து ஓட்டைகளை அடைப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். எத்தனை வரிசை அழிந்ததோ அத்தனை படிதான் இறங்கும். அதனால் சில சதுரங்கள் தமக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் அந்தரத்தில் நிற்பதைப் பார்க்கலாம். அது பிழையல்ல, பழைய பதிப்புகளிலிருந்தே வழக்கத்தில் உள்ள விதி. ஒருமுறை மூடிய ஓட்டையைத் திறப்பது இவ்வளவு கடினமாக இருப்பதற்கும் அந்த விதியே காரணம்.

இப்போது மதிப்பெண்ணுக்கு வருவோம், கட்டை வரும் வரிசை ஏன் முக்கியம் என்பது இங்கேதான் தெரியும். நின்டெண்டோ பதிப்பின் தொடக்க நிலையில் ஒரு வரிசைக்கு 40 மதிப்பெண், இரண்டுக்கு 100, மூன்றுக்கு 300, நான்குக்கு 1200. தனித்தனியாக நான்கு வரிசை அழித்தால் 160தான். ஒரே அடியில் அழித்தால் அதைப்போல ஏழரை மடங்கு. அப்படி நான்கை ஒரே அடியில் அழிக்க நெட்டையால் மட்டுமே முடியும். நான்கு வரிசை என்பது 40 சதுரம், அதாவது பத்துக் கட்டைகள். பத்துக் கட்டைக்கு ஒரு நெட்டை கிடைத்தால் ஒருவர் எப்போதும் 1200 மட்டுமே எடுத்து ஆட முடியும். ஏழு வடிவங்களும் சம அளவில் வந்தால் சராசரியாக ஏழுக்கு ஒன்று நெட்டை. கணக்குப்படி தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. ஆடுபவரைக் கொல்வது இரண்டு நெட்டைகளுக்கு நடுவே விழும் நீண்ட இடைவெளி. சராசரி எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அந்த இடைவெளிக்குள் அடுக்கு கூரையைத் தொட்டுவிடும்.

ஒவ்வொரு முறையும் ஏழு முகப் பகடை ஒன்றை உருட்டி அடுத்த கட்டையை முடிவு செய்கிறோம் என்று கொள்வோம். இதைவிடப் பாரபட்சமற்ற முறை இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் பகடைக்கு நினைவு கிடையாது. இருபது உருட்டலாக நெட்டை வரவில்லை என்பது இருபத்தொன்றாவது உருட்டலுக்குத் தெரியாது. ஒரு நெட்டை வந்தபின் அடுத்த இருபது கட்டைகளில் ஒன்றுகூட நெட்டையாக இல்லாமல் போக வாய்ப்பு 7-இல் 6 என்ற பின்னத்தை இருபது முறை பெருக்கினால் கிடைக்கும். அது நூற்றுக்கு நாலரைக்குச் சற்று மேல். குறைவுதானே என்று நினைக்கலாம். 500 கட்டை விழும் ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய எழுபது நெட்டைகள் வரும், அதாவது இந்தச் சோதனை எழுபது முறை நடக்கும். ஆகவே இருபதும் அதற்கு மேலும் நீளும் பஞ்சம் ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று தடவை வந்தே தீரும். இயந்திரம் ஒளித்து வைக்கிறது என்று சொன்னவர்கள் அனுபவித்தது இதைத்தான்.

நின்டெண்டோ பதிப்பை எழுதியவர்கள் இதை ஓரளவு உணர்ந்திருந்தார்கள். அவர்கள் ஏழு வடிவங்களுக்கு எட்டு முகப் பகடை வைத்தார்கள். எட்டாவது முகம் விழுந்தாலோ, இதற்கு முன் வந்த கட்டையே மறுபடி விழுந்தாலோ, ஏழு முகத்தோடு இன்னொரு முறை உருட்டி, வந்ததை ஏற்றுக்கொள்வார்கள். இதனால் ஒரே கட்டை அடுத்தடுத்து வரும் வாய்ப்பு ஏழில் ஒன்றிலிருந்து சுமார் இருபத்தெட்டில் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் நெட்டைப் பஞ்சத்துக்கு இதில் மருந்து இல்லை. கடைசியாக வந்த ஒரே ஒரு கட்டையை நினைவில் வைத்திருப்பவனுக்கு இருபது கட்டையாக எது வரவில்லை என்று தெரியாது.

தூய பகடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹெய்டி பர்ஜீல் என்ற கணிதவியலாளர் 1997-இல் ஒரு கட்டுரையில் நிறுவியது இது: எஸ், இசட் இரண்டும் மட்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எவ்வளவு திறமையாக ஆடினாலும் 70,000 கட்டைகளுக்குள் தோற்பது உறுதி. முடிவில்லாமல் பகடை உருட்டினால் அப்படிப்பட்ட வரிசையும் என்றாவது வரும். நம் வாழ்நாளில் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை என்பது உண்மை. ஆனால் தூய பகடையோடு ஆடும் டெட்ரிஸை என்றென்றைக்கும் வெல்ல முடியாது என்பது இதனால் கணிதமாகவே முடிவாகிவிட்டது.

பகடையைக் கைவிட்டுப் பையைப் பிடித்ததுதான் திருத்தம். ஏழு கட்டைகளையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்குங்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள், எடுத்ததைத் திரும்பப் போடாதீர்கள். பை காலியானதும் மறுபடி ஏழையும் போட்டுக் குலுக்குங்கள். 2000-களின் தொடக்கத்திலிருந்து அதிகாரபூர்வ டெட்ரிஸ் பதிப்புகள் இந்த முறைக்கு மாறின.

இதன் விளைவை ஒரு நேரடிக் கணக்கில் பார்க்கலாம். முதல் பையில் நெட்டை முதலாவதாக வந்துவிட்டது, இரண்டாவது பையில் கடைசியாக வருகிறது. இதைவிட மோசமான நிலை இல்லை. நடுவில் முதல் பையின் மிச்சம் ஆறு, இரண்டாவது பையின் முன்பகுதி ஆறு, ஆகப் பன்னிரண்டு கட்டைகள். அதற்கு மேல் ஒருபோதும் காத்திருக்க வேண்டாம். பகடை முறையில் பன்னிரண்டைத் தாண்டும் பஞ்சத்துக்கு நூற்றுக்குப் பதின்மூன்றரை வாய்ப்பு. பை முறையில் பூஜ்யம். எஸ், இசட் பிரச்சினையும் இப்படியே அடங்குகிறது. ஒரு பையின் கடைசி இரண்டும் அடுத்த பையின் முதல் இரண்டும் அவையாக இருந்தால் நான்கு தொடர்ந்து வரும், ஐந்தாவது வர வழியே இல்லை. அப்படியும் எதிர்பாராத தன்மை குறைந்துவிடவில்லை. ஒரு பையை 5040 விதமாக அடுக்கலாம்.

பை முறைக்கும் எதிர்ப்பு உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் பையை எண்ணிக்கொண்டே வருவார். ஆறு வந்துவிட்டால் ஏழாவது எது என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். பஞ்சத்தைச் சமாளிப்பதே திறமை என்று கருதுபவர்களுக்கு இது சலுகையாகத் தெரிகிறது. 1998-இல் ஜப்பானின் அரிகா நிறுவனம் கொண்டுவந்த டெட்ரிஸ் தி கிராண்ட் மாஸ்டர் நடுவழி ஒன்றைப் பிடித்தது. கடைசியாக வந்த நான்கு கட்டைகளை நினைவில் வைத்து, உருட்டியது அவற்றில் ஒன்றாக இருந்தால் மறுபடி உருட்டும், நான்கு முறைவரை முயலும். அங்கே பஞ்சம் குறையும், ஆனால் எல்லை என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. என் கட்சி பைதான். ஆடுபவர் தோற்றால் தன் அடுக்கைப் பார்த்துத் தன் தவறைக் கண்டுபிடிக்கும்படி இருக்க வேண்டும். பையில் அது முடியும், பகடையில் முடியாது.

குலுக்குவது ஒழுங்காக நடந்தால்தான் இதெல்லாம் பொருந்தும். ஒவ்வொரு இடத்தையும் ஏழில் ஏதாவது ஓர் இடத்தோடு மாற்றிக்கொண்டே போவது பலர் செய்யும் தவறு. பார்க்க நன்றாகக் கலந்தது போலவே இருக்கும். மூன்று கட்டைகளை வைத்துச் சோதியுங்கள். மூன்று இடம், ஒவ்வொன்றுக்கும் மூன்று தேர்வு, ஆக 27 வழிகள். மூன்று கட்டைகளை அடுக்கும் விதங்களோ ஆறு. 27-ஐ ஆறால் மீதியின்றி வகுக்க முடியாது. அதனால் சில அடுக்குகளுக்கு ஐந்து வழியும் சிலவற்றுக்கு நான்கு வழியும் கிடைக்கும், சமம் போய்விடும். ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938-இல் தந்த முறையின் கணினி வடிவம் இதைத் தீர்க்கிறது. கடைசி இடத்திலிருந்து தொடங்கி, இன்னும் முடிவாகாத இடங்களுக்குள் மட்டும் ஒன்றைத் தேர்ந்து மாற்ற வேண்டும்:

```
function newBag() {
  const bag = ["I","O","T","S","Z","J","L"];
  for (let i = 6; i > 0; i--) {
    const j = Math.floor(Math.random() * (i + 1));
    [bag[i], bag[j]] = [bag[j], bag[i]];
  }
  return bag;
}
```

இதில் உயிர் `i + 1` என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே 7 என்று எழுதினால் முன் சொன்ன தவறான குலுக்கலாகிவிடும். வெறும் `i` என்று எழுதினால் எந்தக் கட்டையும் தான் இருந்த இடத்திலேயே தங்க முடியாமல் போகும், பெரும்பாலான அடுக்குகள் வரவே வராது.

அடுத்து வரும் கட்டைகளை ஓரத்தில் முன்காட்டும் பதிப்புகளில் இன்னும் ஒரு கவனம் வேண்டும். பை காலியாகும்வரை காத்திருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. எனவே வரிசையில் ஏழுக்குக் குறைவாக மிஞ்சியதும் புதிய பையைப் பின்னால் சேர்த்துவிட வேண்டும். சேர்த்தபின் முழு வரிசையையும் மறுபடி குலுக்கினால், ஏற்கெனவே காட்டிய கட்டைகள் இடம் மாறும், பன்னிரண்டு என்ற எல்லையும் உடையும்.

நீங்கள் எழுதிய ஆட்டம் சரியா என்று அறிய, புதிய பையில் தொடங்கி 700 கட்டைகளைத் தொடர்ந்து அச்சிடுங்கள். ஒவ்வொரு வடிவமும் சரியாக 100 இருக்க வேண்டும், இரண்டு நெட்டைகளுக்கு நடுவே பன்னிரண்டுக்கு மேல் எங்கும் இருக்கக் கூடாது. பிறகு பல்லாயிரம் பைகளை உருவாக்கி, முதல் இடத்தில் ஒவ்வொரு வடிவமும் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். அது ஏழில் ஒன்றை ஒட்டி நிற்கவில்லையென்றால் குலுக்கலைத் திறந்து அந்த `i + 1`-ஐப் பாருங்கள்.